பால் குடித்த பிறகான பதினைந்து நிமிடம்: ஒரு பண்ணையில் கன்றுகள் ஒன்றையொன்று சப்பியதும் அதை நிறுத்திய விதமும்

ஈரோடு மாவட்டத்தில் 26 கறவை மாடுகள் வைத்திருந்த ஒரு பண்ணையில் 2022 ஜூலையில் தொடங்கி 2024 செப்டம்பரில் முடிந்த நிகழ்வு இது. அந்தப் பகுதிக் கால்நடை மருத்துவராக நான் பார்த்ததையும், செய்ததையும், தவறவிட்டதையும் எழுதுகிறேன். பண்ணைக்காரர் அனுமதி தந்திருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டேன்.

அழைப்பு வந்த காரணம்

முதலில் கூப்பிட்டது கன்றுகளுக்காக அல்ல. தலையீத்துக் கிடேரி ஒன்று கன்று போட்டு மூன்று நாளாகியிருந்தது. "நாலு காம்புல ஒண்ணு வரவே மாட்டேங்குதுங்க டாக்டர், வந்து என்னன்னு பாருங்க" என்றார் பண்ணைக்காரர்.

வலது முன்காம்பை இரண்டு விரலுக்கிடையே உருட்டிப் பார்த்தேன். நடுவில் பென்சில் முனை போன்ற ஒரு கெட்டி நாண் ஓடியது. அந்தக் கால்மடி மற்ற மூன்றைவிடச் சிறுத்து, சூடில்லாமல், கல்லாக இருந்தது. இப்போது வந்த மடிநோய் இப்படி இருக்காது. என்றோ வந்து, யாரும் கவனிக்காமல், ஆறி அடைத்துப்போன காம்பு அது. ஊசியாலோ குழாயாலோ திறந்து பயனில்லை என்று சொல்லிவிட்டேன். சந்தையில் மூணு காம்பு மாடு என்றால் வாங்குகிறவர் சொல்லும் விலையே வேறு. பத்தாயிரத்துக்கு மேல் போச்சு என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டார்.

கன்று போடும் முன்பே ஒரு கிடேரியின் காம்பு கெடுவதற்குப் பல வழி உண்டு. ஈக்கடி, அடி, மற்றொன்று மிதித்தது என எதுவாகவும் இருக்கலாம். இந்தக் கிடேரி விஷயத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கிளம்பும்போது கன்றுக் கொட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. உள்ளே ஒரு கன்று இன்னொன்றின் பின்கால்களுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு நின்றது. "அது எப்பவும் அப்படித்தானுங்க, வெளையாடுதுங்க" என்றார் பண்ணையாள்.

எனக்கு உறைத்தது. மூன்று மாதம் முன்பு இதே கொட்டிலைப் பற்றி இவர்கள் கேட்டபோது, வேப்பெண்ணெய் தடவச் சொல்லிவிட்டுப் போனவன் நான்தான்.

பின்னணி

பண்ணைக்காரரின் அம்மா காலத்தில் ஏழெட்டு மாடுகள். கன்றை அவிழ்த்துவிட்டு, கொஞ்சம் ஊட்டவைத்து, மாடு சுரந்ததும் இழுத்துக் கட்டிவிட்டுக் கறப்பார்கள். கறந்து முடித்ததும் மடியில் மிச்சமிருப்பதைக் குடிக்கக் கன்றை மறுபடியும் விடுவார்கள். மகன் கறவை இயந்திரம் வாங்கிய பிறகு இந்த முறை ஒத்துவரவில்லை. பிறந்து மூன்று நாள் சீம்பால் குடித்ததும் கன்றைத் தாயிடமிருந்து பிரித்து, பொதுக் கொட்டிலில் விட்டார்கள்.

14க்கு 18 அடிக் கொட்டில். உள்ளே ஒன்பது கன்றுகள். மிகச் சின்னதற்கு 12 நாள், பெரியதற்கு நாலு மாதம். பால், அகலமான அன்னக்கூடையில். காலையில் ஒன்றரை லிட்டர், மாலையில் ஒரு லிட்டர். மூன்று மாதம் ஆனதும் பாலை ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள். கலப்புத் தீவனம் மதியத்தில் ஒரு தொட்டியில் எல்லாவற்றுக்கும் பொதுவாக. தண்ணீர் இரண்டு வேளை.

உட்கார்ந்து பார்த்தது

மறுநாள் மாலை பால் ஊற்றும் நேரத்துக்குப் போய், கொட்டிலுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கையில் கடிகாரம், ஒரு நோட்டு. செலவே இல்லாத இந்தக் காரியத்தை மூன்று மாதம் முன்பே செய்திருக்க வேண்டும்.

ஒரு லிட்டர் பால் முப்பது, நாற்பது நொடியில் தீர்ந்தது. கன்று அன்னக்கூடையை நக்கியது. அது நகர நகரத் தள்ளிக்கொண்டே போய் நக்கியது. பிறகு கம்பியை நக்கியது. பால் தீர்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை; நெற்றியில் வெள்ளை உள்ள மூன்று மாதக் கிடேரி, பக்கத்துக் கன்றின் விலாவை மோந்துகொண்டே பின்னால் போய், மடிக்கடியில் வாயை வைத்தது. நாக்கை மடித்து, காம்பை உள்ளே இழுத்து, தாயின் மடியை முட்டுவது போலவே மேல்நோக்கி இரண்டு முட்டு முட்டிச் சப்பியது. வாயோரம் நுரை கட்டியது. சப்பப்பட்ட கன்று நகரவே இல்லை. அதற்கும் வாய் வேலை வேண்டியிருந்தது. அது திரும்பி இன்னொன்றின் காதைப் பிடித்தது.

பதினைந்து நிமிடத்தில் 23 முறை எண்ணினேன். பதினாறு முறை முதல் பத்து நிமிடத்துக்குள். 23இல் 11 அந்த வெள்ளை நெற்றிக்காரியுடையது. அதற்குப் பத்து நாள் முன்புதான் பாலை ஒரேயடியாக நிறுத்தியிருந்தார்கள். மற்றவை குடிப்பதைப் பார்த்துக்கொண்டு, வாசனையை மோந்துகொண்டு அதே கொட்டிலில் நின்றது. எட்டு மணிக்கு மறுபடி போய் அரை மணி நேரம் பார்த்தேன். ஒன்றுகூடச் சப்பவில்லை. எல்லாம் படுத்துக் கிடந்தன.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். 12 நாள் காளைக் கன்றின் தொப்புள் முடி எச்சிலில் நனைந்து ஒட்டிக்கிடந்தது. இந்த வயதுக்குள் தொப்புள்கொடி காய்ந்து சுருங்கியிருக்க வேண்டும். இதற்குக் கட்டைவிரல் பருமனில் வீங்கி, தொட்டால் காலை உதைத்தது. லேசாக அழுத்தியதும் நாற்றத்துடன் சீழ். முடிக்குள் ஈ முட்டை வெள்ளையாகக் கொத்தாக இருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் புழு வைத்திருக்கும். காய்ச்சல் 103.8 டிகிரி.

இரண்டு கிடேரிகளின் வலது முன்காம்பு மற்ற மூன்றையும்விட நீண்டு, சிவந்து, முடி இல்லாமல், நுனியில் பொருக்குத் தட்டியிருந்தது. நாலு மாதக் கிடேரிக்கு அந்தக் காம்பின் அடியில் எலுமிச்சை அளவுக்குச் சூடான வீக்கம். "பால் வருதான்னு ரெண்டு மூணு தடவ பீச்சிப் பாத்தனுங்க" என்றார் பண்ணையாள். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கிடேரிக் கன்றின் காம்புத் துளையை மெழுகு போன்ற ஒரு பொருள் மூடியிருக்கும். கிருமி ஏறாமல் காப்பது அதுதான். இன்னொரு கன்று சப்பினாலும் அது போய்விடும், நாம் பீச்சினாலும் போய்விடும்.

வாளிகள் கழுவும் இடத்தில் இன்னொன்று தெரிந்தது. மடிநோய் வந்த மாட்டின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்ற முடியாது என்பதால் கன்றுகளுக்கு ஊற்றிவந்தார்கள். அந்தப் பால் இருந்த வாய் அடுத்த நிமிடம் இன்னொரு கன்றின் காம்பில் இருக்கிறது.

ஏன் தொடங்குகிறது

கன்று தாயிடம் இருந்தால் ஒரு நாளில் பல தடவை ஊட்டும். ஒவ்வொரு தடவையும் ஏழெட்டு நிமிடம் சப்பும். வயிறு நிறைவதும் வாய் அடங்குவதும் அங்கே ஒன்றாகவே நடக்கும். வட்டிலில் குடிக்கும் கன்றுக்கு வயிற்றுக்குப் பால் போய்விடுகிறது, வாய்க்கு வேலை கிடைப்பதில்லை.

சப்பும் ஆசையைத் தூண்டுவது பாலின் சுவையேதான். நாலு வாய் பால் நாக்கில் பட்டதும் ஆசை உச்சிக்குப் போகிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக அடங்குகிறது. அந்த மாலை என் நோட்டில் பதிந்திருந்ததும் இதே வடிவம்தான். சப்புவது வெறும் பழக்கம் என்றும் தள்ள முடியாது. பால் குடித்தபின் காய்ந்த நிப்பிளைச் சப்பவிட்ட கன்றுகளின் ரத்தத்தில் இன்சுலினும் செரிமான ஹார்மோன் ஒன்றும் கூடுவதைக் கனடாவில் டி பாசிலேயும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் காட்டினார்கள். சப்புவது செரிமானத்தோடு சேர்ந்த வேலை. அதைக் கன்றிடமிருந்து பிடுங்க முடியாது. வேறு பொருளின் மேல் திருப்பத்தான் முடியும்.

இந்தப் பண்ணையில் இதன்மேல் பசியும் சேர்ந்திருந்தது. ஒரு மாதக் கலப்பினக் கன்று 40 கிலோ இருக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற பழைய குறைந்தபட்சக் கணக்குக்கே 4 லிட்டர் வேண்டும். கொடுத்தது இரண்டரை.

அன்று மாலை திண்ணையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது பண்ணைக்காரரின் அம்மா குறுக்கே சொன்னார்: "ஆத்தாகிட்ட ஊட்டுன கன்னு எதுக்கு சாமி இன்னொண்ணத் தேடிப் போவுது?" நான் கால் மணி நேரம் விளக்கியது அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

முன்பு செய்து பலிக்காதவை

நான் சொன்ன வேப்பெண்ணெயை அவர்கள் ஒழுங்காகவே தடவியிருக்கிறார்கள். இரண்டு நாள் மடியை விட்டுவிட்டுக் கன்றுகள் காதுக்கும் தொப்புளுக்கும் போயின. மூன்றாம் நாள் கசப்போடு சேர்த்தே சப்பின. ஆசை அப்படியே இருக்க, ஓரிடத்தை மட்டும் கசப்பாக்கினால் அது அடுத்த இடத்துக்கு நகரும். தொப்புள் ஆறாத கன்று இருக்கிற கொட்டிலில் என் யோசனை நன்மையைவிடத் தீமையே செய்திருக்கலாம்.

பல் வைத்த மூக்கு வளையத்தை வெள்ளை நெற்றிக்காரிக்கு ஒரு வாரம் மாட்டிப் பார்த்திருந்தார்கள். முள் குத்தியதும் மற்றவை விலகின. ஆனால் ஒரு கன்றின் மடித்தோலில் கீறல் விழுந்தது. வளையத்தை ஓரமாகத் தள்ளிச் சப்பவும் அது கற்றுக்கொண்டது.

எடுத்த முடிவுகள்

அன்றே செய்தது வைத்தியம். காளைக் கன்றைத் தனியாகப் பிரித்துப் படுக்கவைத்து, தொப்புளிலிருந்து உள்ளே கயிறு போலத் தடிப்பு எதுவும் ஓடுகிறதா என்று வயிற்றைத் தடவிப் பார்த்தேன். தலைப்பக்கம் ஓடினால் சீழ் ஈரலை நோக்கிப் போகிறது என்று பொருள். வால்பக்கம் ஓடினால் சிறுநீர்ப்பையை நோக்கி. அப்படியானால் ஊசி மட்டும் போதாமல் போகலாம். இதற்கு இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. முழங்கால், கணுக்கால் மூட்டுகளிலும் வீக்கமில்லை. முடியை வெட்டி, ஈ முட்டைகளை எடுத்து, போவிடோன் அயோடினால் கழுவி, ஐந்து நாள் பென்சிலின் வகை ஊசியும் வலிக்கான மருந்தும் கொடுத்தேன். வீங்கிய காம்புள்ள கிடேரிக்கும் ஊசி உண்டு. அந்தக் காம்பை யாரும் தொடக்கூடாது, பீச்சக்கூடாது என்பதுதான் அதற்கு முக்கியமான வைத்தியம்.

அடுத்தது பால். ஒரு வாரத்தில் படிப்படியாக 4 லிட்டர், ஐந்து வாரக் கன்றுக்கு 5 லிட்டர். பண்ணைக்காரர் தயங்கினார். சொசைட்டி விலை அப்போது லிட்டருக்கு 32 ரூபாய். இரண்டு மாதத்துக்குத் தினம் குறைந்தது ஒன்றரை லிட்டர் கூடுதல் என்றால் ஒரு கன்றுக்கு 90 லிட்டர், 2,880 ரூபாய். மூணு காம்பு மாட்டில் போன பணத்தை அவர் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்ததால் நான் அதிகம் வாதாட வேண்டியிருக்கவில்லை. மடிநோய்ப் பாலைக் கன்றுக்கு ஊற்றுவதை அன்றே நிறுத்தினார்கள்.

மூன்றாவது, அன்னக்கூடைக்குப் பதில் அடியில் ரப்பர் நிப்பிள் பொருத்திய வாளி. நிப்பிளின் உயரம் கன்றின் முகவாய் அளவுக்கு. தாயின் மடியில் நிற்பது போலத் தலை சற்று ஏறி நிற்க வேண்டும். துளை சிறியதாக இருந்தால் இரண்டு லிட்டர் பால் தீர ஆறேழு நிமிடம் ஆகும். தீர்ந்த பிறகும் வாளியை எடுக்கக்கூடாது. காலி நிப்பிளைப் பதினைந்து நிமிடம் சப்பட்டும்.

அந்த நேரம் முழுதும் கன்றுகள் எட்டாத தூரத்தில் தனித்தனியாகக் கட்டப்பட்டிருக்கும். வாளியை எடுக்கும்போது வாயைத் துணியால் துடைத்து, முன்னால் ஒரு கைப்பிடி கலப்புத் தீவனமும் கொஞ்சம் சோளத்தட்டும். பால் சுவை மாறி, வாய் மெல்லத் தொடங்கிவிடும். அரை மணி கழித்து அவிழ்த்துவிடலாம். நாள் முழுதும் கட்டிவைப்பதை நான் வேண்டாம் என்றேன். ஆபத்து அந்த நேரத்தில் மட்டும்தான். மீதி நேரம் கூட்டமாக இருப்பது கன்றுக்கு நல்லது, தீவனமும் ஒன்றைப் பார்த்து ஒன்று தின்னும்.

கொட்டிலையும் இரண்டாகத் தடுத்தோம். மூன்று வாரத்துக்குள் உள்ள கன்றுகள் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம். ஒன்றையொன்று பார்க்கலாம், வாய் எட்டாது. தொப்புள் முழுக்கக் காய்ந்து உதிர்ந்தால்தான் பெரிய கூட்டத்துக்குள் போகலாம். பிறந்ததும் தொப்புள்கொடியை அயோடினில் முக்குவதை அவர்கள் முன்பே செய்துவந்தார்கள். ஆனால் தினம் இரண்டு வேளையும் இன்னொரு வாய் அதை நனைத்துக்கொண்டிருந்தால் அயோடின் எதைக் காயவைக்கும்?

பாலை நிறுத்துவதையும் மாற்றினோம். கன்று ஒரு நாளுக்கு முக்கால் கிலோவுக்குக் குறையாமல் கலப்புத் தீவனத்தைத் தொடர்ந்து மூன்று நாள் தின்ற பிறகே பாலைக் குறைக்கத் தொடங்க வேண்டும். குறைப்பது மூன்று வாரம் நீள வேண்டும். தொட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் தீவனம் இறங்காது.

பிறகு நடந்தது

இரண்டு வாரம் கழித்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன். கன்றுகளை அவிழ்த்துவிட்ட பிறகான பதினைந்து நிமிடத்தில் ஐந்து முறை. நான்கு வெள்ளை நெற்றிக்காரியுடையது. காளைக் கன்றின் தொப்புள் காய்ந்திருந்தது. உள்ளே சின்னக் கெட்டி மட்டும் மிச்சம். அழுத்தினால் உள்ளே போகவில்லை, எனவே குடலிறக்கம் இல்லை. மூன்றாம் வாரத்தில் அதுவும் கரைந்தது.

ஒரு மாதத்தில் போன் வந்தது. "மறுபடியும் ஆரம்பிச்சிருச்சுங்க." போய் எண்ணினால் பதினான்கு. பாலின் அளவு சரி, கட்டுவதும் சரி. கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: இரண்டு லிட்டர் ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்தது. நிப்பிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். துளை சுண்டுவிரல் நுனி போகுமளவுக்கு இருந்தது, ஓரம் உருகியிருந்தது. ஒன்பது கன்றுக்கும் இத்தனை நேரமா என்று பண்ணையாள் ஆணியைப் பழுக்கக் காய்ச்சித் துளையைப் பெரிதாக்கியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. காலையில் அவருக்கு 26 மாட்டுக் கறவை இருக்கிறது. நிப்பிள் மெதுவாக இருப்பதுதான் மருந்து என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் முதலாளியிடம் மட்டும் விளக்கிவிட்டுப் போயிருந்தேன்.

புது நிப்பிள் மாட்டினோம். வாளியை மாட்டிவிட்டு அவர் கறவைக்குப் போய்விட்டு, முடித்து வந்து கன்றுகளை அவிழ்ப்பது என்று வேலையின் வரிசையை மாற்றியதும் அவருக்கு நேரம் மிச்சமாயிற்று. அடுத்த எண்ணிக்கை மூன்று.

அந்த மூன்றும் வெள்ளை நெற்றிக்காரியுடையது. அது பால் குடியை விட்டுப் பல வாரமாகியும் தன் வேலையை விடவில்லை. வயது ஏறி வேரூன்றிவிட்டால் இந்தப் பழக்கம் கிடேரி, மாடு ஆன பிறகும் தொடரலாம். பிற மாட்டின் பாலையே குடித்துவிடும். அதைக் கூட்டத்திலிருந்து எடுத்து, பெரிய காளைக் கன்றுகளோடு தனியாக வைத்தார்கள். மடியில்லாத துணை. தீவனமும் தட்டும் எந்நேரமும் முன்னால் இருந்தன. ஏழாம் மாதத்தில் குறைந்தது, முழுதாக நின்றதாகச் சொல்ல மாட்டேன். பண்ணைக்காரர் பின்னர் அதை விற்றுவிட்டார். வாங்கியவரிடம் விஷயத்தைச் சொல்லித்தான் விற்றதாகச் சொன்னார்.

அடுத்த ஆறு மாதத்தில் பிறந்த ஏழு கன்றுகளில் ஒன்றுக்கும் தொப்புள் சீழ் வரவில்லை. காம்பு பழுதான இரண்டு கிடேரிகளில் ஒன்று 2024 ஆகஸ்டில் கன்று போட்டது. நான்கு காம்பிலும் பால் வந்தது. எலுமிச்சை அளவு வீக்கம் இருந்த கிடேரி செப்டம்பரில் போட்டது. அதன் வலது முன்காம்பை உருட்டிப் பார்த்தேன். அதே நாண்.

இப்போது செய்வதானால்

எல்லா மாற்றத்தையும் ஒரே வாரத்தில் செய்ததால் பாலின் அளவு எவ்வளவு உதவியது, நிப்பிள் எவ்வளவு உதவியது என்று இந்தப் பண்ணையை வைத்துப் பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. துளை பெரிதானதும் எண்ணிக்கை ஐந்திலிருந்து பதினான்குக்கு ஏறியது ஒன்றுதான் தற்செயலாகக் கிடைத்த சோதனை. குடிக்கும் நேரத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று அதிலிருந்து நினைக்கிறேன். பழையபடி 23க்குப் போகாததற்குக் கூடுதல் பால் காரணமாக இருக்கலாம்.

கன்று சப்புகிறது என்று யார் சொன்னாலும் இப்போது மருந்து எழுதும் முன் ஒரு வேளை பால் ஊற்றும்போது போய் உட்காருகிறேன். வட்டில் எத்தனை நொடியில் காலியாகிறது, அதன் பிறகு யார் யாரைச் சப்புகிறார்கள், அதில் பாதிக்குக் காரணம் ஒரே கன்றா என்று பார்க்கிறேன். விளக்கத்தை வாளி தூக்குகிறவரிடம் முதலில் சொல்கிறேன்.

அந்த நாலு மாதக் கிடேரியைப் பொறுத்தவரை நாங்கள் போனதே தாமதம். காம்பு நீண்டு சிவந்த நிலையிலேயே பிடித்திருந்தால் அதுவும் மற்றதைப் போலத் தப்பியிருக்கலாம். பண்ணையில் இப்போது மாதம் ஒருமுறை, ஒன்றாம் தேதி, ஒவ்வொரு கிடேரிக் கன்றையும் பிடித்து நான்கு காம்பையும் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள். பார்ப்பது மட்டும்தான், பீச்சுவதில்லை.